சோத்துப் பெட்டிப் படத்துக்குக் கெப்ஷன் எழுதுவது எப்படி? கந்தோருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கந்தோரில் புதிதாகச் சேர்ந்தவருக்கு நியமனக் கடிதத்தில் இல்லாத ஒரு வேலை சீக்கிரமே வந்து சேரும். மதியம் எல்லாரும் பெட்டிகளைத் திறந்து மேசையில் வைத்ததும், "தம்பி, உங்கட போன்லதான் படம் நல்லா வரும், எடுத்துப் போடுங்க. ரெண்டு வரி எழுதியும் விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். அந்த ரெண்டு வரியில்தான் ஆட்கள் திணறுவது. கடைசியில் "அன்பு நண்பர்களுடன் மதிய உணவு, மறக்க முடியாத தருணம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதே வரியை ஒரு கல்யாண வீட்டுப் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும், பாசிக்குடாவுக்கு ட்ரிப் போன படத்துக்கும் பொருந்தும். மேசையில் என்ன கறி இருந்தது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. படத்தைப் பார்க்கிற ஆள் தேடுவது அதைத்தான். ஐந்தாறு பெட்டியும் மேலிருந்து எடுத்த படமும் என்றால் எல்லாக் கறியும் மண்ணிறமாகத்தான் தெரியும். எது கத்தரிக்காய், எது இறைச்சி என்று சொல்ல வேண்டியது கெப்ஷனின் வேலை.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கந்தோர்களில் இந்த வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரே மேசையில் தமிழ் ஆட்கள், முஸ்லிம் ஆட்கள், சில இடங்களில் சிங்கள ஆட்களும் இருப்பார்கள். ஒருவருக்கு வெள்ளி விரதம், இன்னொருவருக்கு ஹலால், வேறொருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. யார் எதைச் சாப்பிட்டார் என்று யோசிக்காமல் எழுதிய ஒரு வரி, வீட்டில் இருந்து ஒரு போன் வரும் அளவுக்குப் போகலாம். அதனால் எல்லாச் சிக்கலும் ஒன்றாக வரும் ஒரு வெள்ளிக்கிழமையையே எடுத்துக்கொண்டு, படிப்படியாக எழுதிப் பார்ப்போம்.

அன்றைய மேசை

கந்தோர் கல்முனையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். களுவாஞ்சிக்குடியில் இருந்து வரும் அக்கா சிவப்பரிசிச் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும், ஒரு பழைய ஜாம் போத்தலில் கூனிச் சம்பலும் கொண்டுவந்திருக்கிறார். சாய்ந்தமருது ராத்தாவிடம் நெய்ச்சோறு. மாட்டிறைச்சிக் கறியை, வெள்ளி என்று தெரிந்து தனிப் பெட்டியில் மூடியோடு ஒரு ஓரமாக வைத்திருக்கிறார். காரைதீவு சேர் வெள்ளி விரதம். அவருக்குப் பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும். அம்பாறை டவுனில் இருந்து பஸ்ஸில் வரும் மிஸ் பொலொஸ் கறி கொண்டுவந்திருக்கிறார், அதாவது பிஞ்சுப் பலாக்காயை மசாலாவில் நன்றாக வேகவிட்டு எடுத்த கறி. திருக்கோவில் தம்பி வாடகை அறையில் இருக்கிறவர், சமையல் கிடையாது. கடைச் சோத்துப் பார்சல் வாங்கிவிட்டு, அந்த வெட்கத்துக்கு ஈடாக ஒரு சட்டித் தயிரும் கித்துள் பாணியும் கொண்டுவந்திருக்கிறார். (அவருடைய வரவைத்தான் மேசையில் எல்லாரும் எதிர்பார்ப்பது.) ஆறாவது ஆள் நீங்கள். படம் எடுக்கிறவர் கொண்டுவந்ததைப் பற்றி இந்தக் கட்டுரை ஒன்றும் கேட்காது.

பெட்டி திறக்கும்போதே விசாரியுங்கள்

கெப்ஷனுக்கு வேண்டிய சரக்கு மேசையில்தான் கிடைக்கும். பின்னேரம் பஸ்ஸில் இருந்து யோசித்தால் கிடைக்காது. பெட்டி திறக்கும்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, "இதுக்கு உங்கட வீட்டில என்ன பேர் சொல்றது?" சமைத்தவர் சொல்லும் பெயரையே எழுத வேண்டும். ராத்தா வீட்டில் அது ஆணம் என்றால், நீங்கள் அதைக் குழம்பு ஆக்கத் தேவையில்லை. அக்கா சுண்டல் என்றால், யாழ்ப்பாணத்து நண்பருக்குப் புரியட்டும் என்று வறை என்று மாற்றவும் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, "இண்டைக்கு இதுல என்ன விசேசம்?" அநேகமாக முதலில் "ஒண்டுமில்ல, சும்மா வச்சதுதான்" என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் அடுத்த வாக்கியம் வரும். கூனிச் சம்பலைப் பற்றி அக்காவிடம் கேட்டபோது வந்தது இப்படி: "மிக்ஸியில போடல்ல. கரண்டு இல்ல, அதால உரல்லதான் இடிச்ச." இதுதான் உங்களுக்கு வேண்டிய வரி. உரலில் இடித்த சம்பலில் செத்தல் மிளகாய் ஒன்றிரண்டாக உடைந்து நிற்கும், கூனியும் மாவாகாமல் பல்லில் படும். மிக்ஸியில் அடித்தால் எல்லாம் ஒரே பதமாகிவிடும். சாப்பிட்டவருக்கு வித்தியாசம் தெரியும், படம் பார்ப்பவருக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேட்டதை போனில் குறித்துக்கொள்ளுங்கள். கறி, ஊர், ஒரு விசேசம், அவ்வளவுதான். அன்றைய குறிப்பு இப்படி இருந்தது: கூனிச் சம்பல், களுவாஞ்சிக்குடி, உரலில் இடித்தது. நெய்ச்சோறு, சாய்ந்தமருது, றம்பை வாசம். பொலொஸ், அம்பாறை, ராத்திரியே அடுப்பில் ஏற்றியது. முருங்கையிலைச் சுண்டல், காரைதீவு, வீட்டு மரத்து இலை. தயிர், திருக்கோவில், சட்டியைச் சரித்தாலும் ஊற்றாது.

படம், சுருக்கமாக

பசியில் இருக்கிறவர்களைக் காக்கவைத்து எடுக்கும் படம் நல்லதாக வராது. யன்னல் பக்கம் மேசையை இழுத்து, மூடிகளை அகற்றி, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். சூடான சோற்றுக்கு நேரே போனைப் பிடித்தால் ஆவி படிந்து படம் மங்கும். அரை நிமிடம் விட்டு லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். பெட்டிகளுக்குப் பின்னால் பைல், பெயர்ப் பட்டியல், திறந்திருக்கும் கணினித் திரை எதுவும் தெரியக்கூடாது. பொதுமக்களின் விண்ணப்பம் ஒன்று பருப்புக்குப் பக்கத்தில் கிடந்தால், கெப்ஷனை யாரும் வாசிக்க மாட்டார்கள். ராத்தாவின் இறைச்சிப் பெட்டி ஓரத்தில் மூடியிருக்கிறது என்றால் அது அப்படியே இருக்கட்டும். படத்துக்காக அதைத் திறந்து சேரின் பருப்புக்குப் பக்கத்தில் தள்ளி வைக்க வேண்டாம்.

ஒரு கறியை முன்னுக்கு நிறுத்துங்கள்

இப்போது எழுதுவோம். புதியவர்கள் முதலில் எழுதும் வடிவம் அநேகமாக இதுதான்:

"இன்றைய மதிய உணவு: சிவப்பரிசிச் சோறு, நெய்ச்சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, கூனிச் சம்பல், பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், பொலொஸ், தயிர், பாணி."

மறக்க முடியாத தருணத்தைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது, சாப்பாடாவது இருக்கிறது. ஆனால் வாசிப்பவரின் கண் மூன்றாவது கறிக்குப் பிறகு நிற்காது. கடை வாசலில் தொங்கும் விலைப்பட்டியலை யாரும் கடைசி வரை படிப்பதில்லை, அதுபோலத்தான். ஒரு கறியை முதல் வரியில் தனியே நிறுத்திவிட்டு, மற்றவற்றை அதன் பின்னால் வரவிட வேண்டும்.

எந்தக் கறி? மிக விலை கூடியதை எடுப்பது ஒரு பழக்கம். மேசையில் இறாலோ நண்டோ இருந்தால் அதுதான் தலைப்பு என்று முடிவாகிவிடும். நான் அதற்கு உடன்படுவதில்லை. எது முதலில் காலியானது என்று பாருங்கள். அந்த வெள்ளிக்கிழமை மாட்டிறைச்சியில் பாதி மிஞ்சியது, நெய்ச்சோறும் கொஞ்சம் மிஞ்சியது. ஜாம் போத்தலின் அடியைத்தான் ஆளுக்கு ஆள் கரண்டியால் சுரண்டினார்கள். ஆகவே முன்னுக்கு நிற்க வேண்டியது கூனிச் சம்பல்.

அதற்குப் பிறகு, காலியானது என்று வெறுமனே சொல்லாமல் அது நடந்ததைக் காட்ட வேண்டும். "கூனிச் சம்பல் மிகவும் சுவையாக இருந்தது" என்றால் வாசிப்பவர் நம்புவார், ஆனால் வாய் ஊறாது. சுவை, அருமை, சூப்பர் என்ற மூன்று சொல்லையும் கெப்ஷனில் தடை செய்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அவற்றின் இடத்துக்குக் கண், காது, மூக்குக்குப் பட்டது ஏதாவது வர வேண்டும்: போத்தல் மூடி திறந்ததும் அடுத்த அறை வரை போன வாசம், பல்லில் கரகரத்த கூனி, உறைப்புத் தாங்காமல் தண்ணீர்ப் போத்தலைத் தேடிய கை. அன்று போத்தல் மூடி திறந்தபோது கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் பைலை மூடிவிட்டு எழும்பி வந்தார். அதில் இருந்து முதல் வரி பிறந்தது:

"கூனிச் சம்பல் போத்தல் திறந்ததும் பைல் எல்லாம் மூடியாச்சு!"

திறந்தது ஒன்று, மூடியது ஒன்று. சிரிப்பும் சாப்பாட்டில் இருந்தே வந்துவிட்டது. யாருடைய உடம்பையும் யார் எவ்வளவு தின்றார் என்பதையும் வைத்துப் பகிடி விட வேண்டிய தேவை இல்லை. புதியவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மேசையில் சிரித்த அதே பகிடி, எழுத்தில் வரும்போது குத்தும்.

முதல் வரியின் நீளம்

முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் நீளமான கெப்ஷனை முழுதாகக் காட்ட மாட்டார்கள். முதல் ஓரிரு வரிக்குப் பிறகு வெட்டிவிட்டு, மிச்சத்தை வாசிக்க அழுத்தச் சொல்லும். இன்ஸ்டகிராமில் ஒரு கெப்ஷனுக்கு 2,200 குறி வரை இடம் உண்டு, ஆனால் அழுத்தாமல் கண்ணில் படுவது கொஞ்சம்தான். அதனால்தான் கறியின் பெயர் முதல் வரியிலேயே வர வேண்டும். "இன்று வெள்ளிக்கிழமை எமது அலுவலக நண்பர்கள் அனைவரும் ஒன்றுகூடி" என்று தொடங்கினால், கூனி வெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் ஒரு எழுத்து என்று எண்ணுவதைப் போன் பல நேரம் இரண்டாக எண்ணும், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் விசிறியும் அதற்குத் தனிக் குறிகள். "கூனிச் சம்பல்" நம் கண்ணுக்கு 7 எழுத்தும் ஒரு இடைவெளியும். போனுக்கு அது 13. மேலே எழுதிய முதல் வரி முழுவதும் நமக்கு 35, போனுக்கு 57. ஆகவே "இத்தனை எழுத்துக்குள் எழுதுங்கள்" என்று ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் கணக்கில் தமிழுக்குக் கிடைப்பது பாதியைவிடக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொண்டால் சரி. எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு எளிய வழி செய்யலாம்: ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் முதல் வரி சரியான நீளம்.

ஆளின் பெயருக்குப் பதில் ஊரின் பெயர்

இரண்டாவது வரியில் மற்றக் கறிகள் வருகின்றன. யார் கொண்டுவந்தது என்று சொன்னால்தான் அது பகிர்ந்து சாப்பிட்ட மேசை, இல்லாவிட்டால் ஒரு ஆளின் விருந்து. ஆனால் எல்லாருக்கும் தன் பெயர் பொதுவெளியில் வருவது பிடிக்காது. ராத்தாவுக்கு நிச்சயமாகப் பிடிக்காது, மிஸ்ஸிடம் கேட்டால்தான் தெரியும். பெயரை டேக் பண்ணுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், முகம் தெரிந்தால் படத்துக்கும் கேட்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது. கந்தோரில் சாப்பாட்டை ஊரை வைத்துத்தான் பேசுவோம்: "இண்டைக்குச் சாய்ந்தமருதுப் பெட்டியில என்ன?" என்று கேட்காத நாள் இல்லை. அதையே கெப்ஷனுக்கும் எடுத்துக்கொள்ளலாம்:

"களுவாஞ்சிக்குடி உரல்ல இடிச்ச கூனி, சாய்ந்தமருது நெய்ச்சோறு, அம்பாறைப் பொலொஸ், காரைதீவு வீட்டு மரத்து முருங்கையிலைச் சுண்டல்."

ஆட்களுக்குத் தங்கள் பெட்டி எது என்று தெரியும், வெளியில் இருப்பவருக்கு ஆளைத் தெரியாது. கல்முனையில் இருந்து இரண்டு பக்கமும் பஸ் ஏறி வரும் ஊர்கள் ஒரு வரியில் சேர்ந்து நிற்பதும் பார்க்க நன்றாக இருக்கிறது. "மீன்பாடும் தேன்நாட்டில் இருந்து" என்று தொடங்கும் ஆசை வரும். விட்டுவிடுங்கள். அதை எல்லாரும் எல்லாப் படத்துக்கும் எழுதிவிட்டார்கள், வாவி மீன் மேசையில் இல்லாத நாளில் அதற்குப் பொருளும் இல்லை.

கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் இந்த வரியில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆளுக்கு ஒரு கறி என்று எடுத்ததால் அக்காவின் கத்தரிக்காயும் சேரின் பருப்பும் விடுபட்டன. யாருடைய பெட்டியும் முழுதாக விடுபடவில்லை என்றால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு பெட்டி விடுபட்டால் அது பல நாளைக்குப் பேசப்படும். திருக்கோவில் தம்பிக்கும் ஒரு வரி தேவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

"எல்லாரும் எல்லாம் சாப்பிட்டோம்" என்று எழுதாதீர்கள்

உற்சாகத்தில் கை தானாக எழுதும் வரி இது: "பெட்டி மாத்தி மாத்தி எல்லாரும் எல்லாத்தையும் ஒரு பிடி பிடிச்சம்!" அன்றைய மேசையில் இது உண்மை இல்லை. சேர் மரக்கறி தவிர ஒன்றும் தொடவில்லை. அவருடைய வீட்டில் இதை வாசித்தால் விரதம் என்ன ஆனது என்று கேள்வி வரும். அக்கா மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. நம் பக்கத்தில் அப்படி நிறையப் பேர் உண்டு. ராத்தா மற்றப் பெட்டிகளில் இருந்து மீனும் மரக்கறியும் எடுப்பார், ஏனென்றால் மீனுக்கு அறுப்பு முறை என்ற பேச்சு இல்லை. வேறு வீட்டு இறைச்சி என்றால் தொட மாட்டார். இதெல்லாம் மேசையில் யாரும் சொல்லாமலே நடக்கும். கரண்டி எந்தப் பெட்டிக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று கைக்கே தெரியும். புதியவர் இதைக் கவனித்துப் பார்த்துப் பழக வேண்டும், கெப்ஷனிலும் அதே கவனம் வேண்டும்.

ஆகவே எந்தக் கறி யாரிடம் போனது என்று எழுதாமல், கறிகள் மேசைக்கு வந்ததை மட்டும் எழுதுங்கள். இறைச்சிப் பெட்டியை அன்று கெப்ஷனில் சொல்லாமல் விட்டதும் அதனால்தான். ராத்தாவின் பெட்டிக்கு நெய்ச்சோறு போதும். வேறொரு நாள், விரதக்காரர் இல்லாத மேசையில், அதே மாட்டிறைச்சிக் கறி முதல் வரிக்கு வரலாம்.

விரதத்தை மறைக்க வேண்டும் என்றும் இல்லை. சேரிடமே கேட்டோம், "சேர், விரதத்தையும் ஒரு வரி எழுதவா?" அவர் சிரித்துக்கொண்டு, "எழுதுங்க, தயிர் ரெண்டு அகப்பை எடுத்ததையும் சேர்த்து எழுதுங்க" என்றார். கடைசி வரியும் தம்பியின் சட்டியும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. முழுக் கெப்ஷன் இப்போது இப்படி நிற்கிறது:

"கூனிச் சம்பல் போத்தல் திறந்ததும் பைல் எல்லாம் மூடியாச்சு!
களுவாஞ்சிக்குடி உரல்ல இடிச்ச கூனி, சாய்ந்தமருது நெய்ச்சோறு, அம்பாறைப் பொலொஸ், காரைதீவு வீட்டு மரத்து முருங்கையிலைச் சுண்டல். கடைசியா, சரிச்சாலும் ஊத்தாத திருக்கோவில் தயிரும் கித்துள் பாணியும்.
விரதக்காரருக்குக் கூனி இல்ல. அதுக்குப் பதிலா தயிர் ரெண்டு அகப்பை."

வெள்ளிக்கிழமையில் இன்னொரு சின்ன விசயம். ஜும்ஆவுக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை சில மேசைகள் காத்திருக்கும், சில மேசைகள் தொடங்கிவிடும். தொடங்கிய மேசை என்றால் "எல்லாரும் ஒன்றாக" என்று எழுதாதீர்கள். நோன்பு மாதத்தில் பகல் மேசையே சுருங்கிவிடும். அந்த மாதம் சாப்பாட்டுப் படத்தைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைப்பது நல்ல பழக்கம்.

போடுமுன் ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள்

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகை பாவிப்பவர்களுக்கு இந்தப் படி மிக அவசியம். சாப்பாட்டுச் சொற்கள்தான் அதில் அதிகம் மாறுவது. கறி, கரி ஆகிவிடும். பொரியல், பொறியல் ஆகும். கூனி, குனி ஆகிவிட்டால் வாசிப்பவருக்குக் கட்டளை போட்டது போல இருக்கும். புளிக்குழம்பு மட்டும் புலிக்குழம்பாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அது வெறும் சிரிப்போடு நிற்கும் பிழை இல்லை. திரையில் கண் ஓடும்போது தெரியாத பிழை, சத்தமாக வாசிக்கும்போது நாக்கில் தட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. அன்று அக்கா "அம்பாறைப் பொலொஸ் எண்டு போடுங்க, நீங்க பொலஸ் எண்டு போட்டிருக்கிறீங்க" என்று திருத்தியது அப்படித்தான்.

அடுத்து, எங்கே போடுவது. கந்தோர் வட்ஸ்அப் குழுவில் என்றால் ஊர்ப் பெயர் தேவையில்லை, அக்கா, ராத்தா, சேர் என்று உறவாகவே எழுதலாம். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்றாலும், அதைப் பார்ப்பவர்களில் உங்கள் மேலதிகாரியும் மாமியும் ஒன்றாக இருப்பார்கள். அங்கே முதல் வரியும் கடைசி வரியும் போதும். முகநூலுக்கும் இன்ஸ்டகிராமுக்கும் முழுக் கெப்ஷன். ஹேஷ்டேக் இரண்டோ மூன்றோ போதும், #கூனிச்சம்பல் #கல்முனை என்பதுபோல. சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் அந்த இடத்தோடு அது முடிந்துவிடும். சேர்த்தோ கீழ்க்கோடு போட்டோ எழுதுங்கள்.

நேரமும் முக்கியம். மதிய இடைவேளை முடிந்த பிறகு, வெளியில் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது, பொலொஸைப் பற்றிய பதிவு போட்டால் வரிசையில் நிற்பவரும் அதைப் பார்ப்பார். அவர் கையிலும் போன் இருக்கிறது. இடைவேளைக்குள் போட முடியாவிட்டால் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறிய பிறகு போடுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பசி எல்லாருக்கும் இருக்கும்.

கெப்ஷன் வேலை செய்ததா என்பதை விருப்பக் குறிகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் படத்துக்கும் அவை விழும். கேள்வி வருகிறதா என்று பாருங்கள். "எந்தக் கடைத் தயிர்?", "எனக்கு வைக்கல்லயா?", "கூனி இப்ப எங்க கிடைக்குது?" என்று ஆட்கள் கேட்டால் கறி அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. "நைஸ்" மட்டும் வந்தால், படத்தை மூடிவிட்டுக் கெப்ஷனை மட்டும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று அதில் இருந்து தெரியாவிட்டால் அடுத்த முறை எங்கே திருத்த வேண்டும் என்று புரியும்.

செய்முறை கேட்டால்

நல்ல கெப்ஷனுக்குக் கீழே யாராவது ஒருவர் கட்டாயம் "எப்படிச் செய்யிறது?" என்று கேட்பார். அதற்குப் பதிலும் உங்கள் வேலைதான். ஊகித்து எழுதாமல் சமைத்தவரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் எழுதுங்கள். அன்று அக்கா சொல்லச் சொல்ல எழுதிப் போட்ட பதில் இது:

"காய்ந்த கூனி ஒரு கோப்பை. சுளகில் புடைத்து, மண்ணும் தூசும் போக நன்றாகத் தெரிந்து எடுக்கவும். எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் இளந்தீயில் வறுக்கவும். விரலால் நசித்தால் நொறுங்க வேண்டும், கருகினால் கைக்கும். செத்தல் மிளகாய் ஏழெட்டையும் அதே சட்டியில் வாட்டி எடுக்கவும். முதலில் மிளகாயை உரலில் இடித்து, பிறகு கூனி, பிறகு சின்ன வெங்காயம் ஒரு பிடி, கடைசியில் அரை மூடித் தேங்காய்ப் பூ. தேங்காய் போட்ட பிறகு இரண்டு இடி போதும், கூட இடித்தால் பால் விட்டுக் களியாகும். கூனியிலேயே உப்பு இருக்கும், அதனால் ருசி பார்த்துவிட்டுத்தான் உப்புப் போட வேண்டும். தேசிக்காய்ப் புளியைச் சாப்பிடும் நேரத்தில் விடவும். பச்சைத் தேங்காய் சேர்ந்ததால் காலையில் இடித்ததை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். எங்கட மேசையில அது ஒரு பிரச்சினையே இல்ல."